ஓர் இதயத்துடிப்பு, இருபது சிறுகட்டங்கள்

இசிஜி பிறந்தபோதே அது ஒரு புகைப்படம்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் வடிவமைத்த கருவியில், வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்று காந்தத்தின் நடுவே தொங்கியது. உப்புநீர்த் தொட்டிகளில் கையையும் காலையும் வைத்திருந்தவரின் உடலிலிருந்து வந்த மின்சாரம் அந்த இழையை அசைத்தது. அசையும் இழையின் நிழல், நகரும் புகைப்படத் தகட்டின்மீது விழுந்து கோடானது. அவர் அதோடு நிற்கவில்லை. தகட்டில் குறுக்கும் நெடுக்குமாக அளவுக்கோடுகளும் பதியும்படி செய்தார். 1903இல் வெளியான அவருடைய கட்டுரையில் கிடைமட்டத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 0.04 விநாடி, செங்குத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 0.1 மில்லிவோல்ட். இன்று நம் ஊர் மருத்துவமனையில் எடுக்கும் இசிஜி தாளின் இளஞ்சிவப்புக் கட்டங்களும் இதே அளவில்தான் இருக்கின்றன.

அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து உறவினருக்கோ, தெரிந்த மருத்துவருக்கோ அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. படத்தைப் பெறும் உறவினர் கோட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்க்கிறார், கட்டங்களைக் கவனிப்பதில்லை. ஆனால் கட்டங்கள் இல்லாவிட்டால் அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை. ஒரே ஒரு துடிப்பை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வளைவும் இதயத்தில் எதைக் குறிக்கிறது, படமாக மாறிய பிறகு அந்த அளவுகளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்ப்போம். இன்னாருக்கு இன்ன நோய் என்று சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. அது ஏன் ஒரு படத்தால் ஆகாது என்பதும் போகப்போகத் தெரியும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு படத்தை வகுத்துக்கொள்வோம். பன்னிரண்டு லீடு இசிஜி தாளின் அடியில் நீளமாக ஓடும் ஒற்றை வரி அது. இடது ஓரத்தில் "II" என்று எழுதியிருக்கிறது. அதாவது இரண்டாம் லீடு. தாளின் விளிம்பில் "25 mm/s 10 mm/mV" என்ற சிறு எழுத்துகள். வரியின் தொடக்கத்தில் செவ்வக மேடு ஒன்று சரியாகப் பத்துச் சிறுகட்ட உயரத்தில் நிற்கிறது. இந்த மேடு இதயத்திலிருந்து வந்ததல்ல. கருவி தானே 1 மில்லிவோல்ட் மின்சாரத்தைக் கொடுத்து, கோடு எவ்வளவு உயர்கிறது என்று காட்டும் அளவுகுறி அது. சில தாள்களில் அலைகள் மிகப் பெரிதாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்க 5 mm/mV என்று பாதி அளவில் எடுத்திருப்பார்கள். அப்போது மேடு ஐந்து கட்டம்தான் உயரும். உயரங்களை எல்லாம் இரட்டிப்பாக்கித்தான் படிக்க வேண்டும். அதேபோல் 50 mm/s வேகத்தில் ஓடிய தாளில் எல்லா இடைவெளிகளும் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். எந்த அலையையும் பார்ப்பதற்கு முன் இந்தச் சிறு எழுத்துகளைப் பார்க்க வேண்டும் என்பது இசிஜி படிப்பவர்களின் முதல் பாடம்.

நம் படத்தில் அடுத்தடுத்த இரண்டு உயர்ந்த முனைகளுக்கு நடுவே இருபது சிறுகட்டங்கள், அதாவது நான்கு பெரிய கட்டங்கள். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி, ஆகவே ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டங்கள் ஓடும் என்பதால் 300ஐ நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 75 துடிப்பு.

இனி அந்த 0.8 விநாடிக்குள் நுழையலாம். ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அந்த நிலை புரண்டுவிடுகிறது. ஒரு செல் புரண்டால் பக்கத்துச் செல்லும் புரளும். இப்படி ஓர் அலைமுகப்பு தசை வழியே நகர்கிறது. புரண்ட பகுதிக்கும் இன்னும் புரளாத பகுதிக்கும் இடையே உள்ள மின் வேறுபாட்டைத்தான் தோலில் ஒட்டிய மின்முனைகள் உணர்கின்றன. செல்லளவில் நூறு மில்லிவோல்ட் அளவுக்கு நடக்கும் மாற்றம் தோலுக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவோல்ட் அளவாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாம் லீடு என்பது வலது கையிலிருந்து இடது காலை நோக்கிப் பார்க்கும் ஒரு திசை. அலைமுகப்பு இடது காலை நோக்கி நகர்ந்தால் கோடு மேலே ஏறும். விலகிச் சென்றால் கீழே இறங்கும். அலை எதுவும் நகராதபோது கோடு தட்டையாக இருக்கும். இந்தத் தட்டை நிலைக்கு இரண்டு பொருள் உண்டு. எல்லாச் செல்களும் ஓய்வில் இருந்தாலும் தட்டை. எல்லாச் செல்களும் ஒருசேரப் புரண்ட நிலையில் நின்றாலும் தட்டை. வேறுபாடு இல்லாத இடத்தில் கோட்டுக்குச் சொல்ல எதுவுமில்லை. ஒரே துடிப்புக்குள் இந்த இரண்டு வகைத் தட்டையும் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் வருவது பி அலை. நம் படத்தில் ஒன்றரைக் கட்ட உயரமும் இரண்டரைக் கட்ட அகலமும் கொண்ட மெல்லிய குன்று. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவிலிருந்து கிளம்பிய தூண்டல் இரண்டு மேலறைகளின் தசையிலும் பரவுவதை இது குறிக்கிறது. அகலத்தைக் காலமாக்கினால் 0.10 விநாடி. கணுவே துடிப்பைத் தொடங்கினாலும், கணுவின் மின்சாரம் தாளில் எங்கும் பதிவதில்லை; அதன் தசை அவ்வளவு சிறியது. பி அலையின் வடிவத்தையும் திசையையும் கொண்டுதான் தூண்டல் எங்கிருந்து புறப்பட்டது என்று ஊகிக்கிறோம். கணுவிலிருந்து கிளம்பும் தூண்டல் மேலிருந்து கீழ் இடதுபுறமாகப் பாய்வதால் இரண்டாம் லீடில் பி அலை நிமிர்ந்து நிற்கிறது.

பி அலை முடிந்ததும் ஒன்றரைக் கட்டத்துக்குத் தட்டைக்கோடு. இசிஜியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் அந்த 0.06 விநாடியில், தூண்டல் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள ஏவி கணுவையும் அதை அடுத்த ஹிஸ் கற்றையையும் கடந்துகொண்டிருக்கிறது. மேலறைத் தசையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடிய அலை, ஏவி கணுவுக்குள் விநாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டராகத் தளர்ந்துவிடுகிறது. மேலறைகள் சுருங்கித் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளி முடிக்க இந்தத் தாமதம் இடம் தருகிறது. கணுவின் திசு மிகச் சிறியது என்பதால் அதன் மின்சாரம் தோல்வரை எட்டுவதில்லை. அதனால்தான் கோடு தட்டையாக இருக்கிறது.

இந்தக் கணுவை ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா 1906இல் விவரித்தார். அதன் தாமதத்தை உயிருள்ள மனிதரில் நேரடியாகப் பதிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1969இல் ஷெர்லாக் குழுவினர் இரத்தக்குழாய் வழியாக மின்முனை பொருத்திய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, ஹிஸ் கற்றையின் சிறு மின்துடிப்பைப் பதியும் எளிய முறையை வெளியிட்டனர். வெளியே தட்டையாகத் தெரியும் காலத்துக்குள் கணுவுக்கு ஆகும் நேரம் தனி, கற்றைக்கும் அதற்குக் கீழேயுள்ள பாதைக்கும் ஆகும் நேரம் தனி என்று அந்தப் பதிவு பிரித்துக் காட்டியது. தாளில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்தே தெரியும். தாளில் பார்ப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் கண்ணால் பிரிக்க முடியாது.

பி அலையின் தொடக்கத்திலிருந்து அடுத்த கூரிய அலையின் தொடக்கம்வரை அளப்பதே பிஆர் இடைவெளி. பெயரில் ஆர் இருந்தாலும் ஆர் முனைவரை அளப்பதில்லை என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். நம் படத்தில் நான்கு கட்டம், 0.16 விநாடி. பெரியவர்களில் இது வழக்கமாக 0.12 முதல் 0.20 விநாடிக்குள் இருக்கும். இந்த 0.16 முழுவதும் கணுவின் தாமதம் அல்ல. பாதிக்கு மேல் பி அலைக்கே போய்விடுகிறது. அதோடு, இடது மேலறை இன்னும் புரண்டுகொண்டிருக்கும்போதே தூண்டல் கணுவுக்குள் நுழைந்துவிடுவதால், பி அலையின் பின்பகுதியும் கணுத்தாமதத்தின் முன்பகுதியும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

அடுத்து க்யூஆர்எஸ். நம் படத்தில் பதினொரு கட்ட உயரம், அகலமோ இரண்டே கட்டம். மேலறைகளைவிடப் பல மடங்கு தடித்த கீழறைகள் 0.08 விநாடியில், மேலறைகளுக்கு ஆன நேரத்தைவிடக் குறைவாக, புரண்டு முடிந்துவிட்டன. காரணம் கம்பியமைப்புதான். ஹிஸ் கற்றை இரு கிளைகளாகப் பிரிந்து, புர்கின்ஜி இழைகளாகக் கீழறைகளின் உட்சுவர் முழுவதும் பரவியிருக்கிறது. அந்த இழைகளில் தூண்டல் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் எல்லா இடங்களிலும் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தசை புரள்கிறது. க்யூஆர்எஸ் அகலம் என்பது இந்த ஒருங்கிணைப்பின் அளவுகோல். தூண்டல் இந்த இழைகளின் வழியே வராமல் தசை வழியே மட்டும் பரவ நேர்ந்தால் அதே வேலைக்கு நேரம் கூடும், அலை அகலமாகும். அகலம் சொல்வது அதை மட்டுமே. ஏன் அப்படிப் பரவியது என்பதை அது சொல்வதில்லை.

எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு விதி. முதலில் கீழே இறங்கினால் க்யூ, மேலே ஏறினால் ஆர், ஆருக்குப் பின் கீழே இறங்கினால் எஸ். மூன்றும் எல்லா லீடிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் படத்தில் க்யூ இல்லை. உயர்ந்த ஆரும் சின்ன எஸ்ஸும் மட்டும். அப்போதும் பெயர் க்யூஆர்எஸ்தான். மேலறைகள் ஓய்வுநிலைக்குத் திரும்பும் மின்சாரமும் ஏறக்குறைய இந்த நேரத்தில்தான் நடக்கிறது. கீழறைகளின் பெரிய அலைக்குள் அது மறைந்துபோகிறது.

க்யூஆர்எஸ் முடிந்தபின் வருவதே எஸ்டி பகுதி. முன்பு சொன்ன இரண்டாம் வகைத் தட்டை இது. கீழறைத் தசை முழுவதும் புரண்ட நிலையில், கால்சியம் அயனிகள் உள்ளே வந்துகொண்டிருக்க, சுருங்கி இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. இதயம் மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில் தாளில் கோடு அமைதியாக இருக்கிறது. இந்தப் பகுதி அடிக்கோட்டின் மட்டத்தில் இருக்கிறதா, ஏறியோ இறங்கியோ இருக்கிறதா என்பது மருத்துவர்கள் உன்னிப்பாகப் பார்க்கும் விஷயம். ஒரு சிறுகட்டம், அதாவது 0.1 மில்லிவோல்ட், கூட அங்கே கணக்கில் வரும். அடிக்கோடாக எடுத்துக்கொள்வது ஒரு துடிப்பின் டி அலைக்கும் அடுத்த பி அலைக்கும் நடுவே உள்ள உண்மையான ஓய்வுக்கோட்டை.

டி அலை, கீழறைகள் பழைய நிலைக்கு மீள்வதைக் குறிக்கிறது. நம் படத்தில் மூன்று கட்ட உயரத்தில், மெதுவாக ஏறிச் சற்று வேகமாக இறங்கும் குன்று. இதில் ஒரு புதிர் உண்டு. புரளுவதும் மீளுவதும் எதிரெதிர் மின்மாற்றங்கள். க்யூஆர்எஸ் மேலே ஏறினால் டி கீழே அல்லவா இறங்க வேண்டும்? உட்புறத்திலிருந்து வெளிப்புறம் என்ற அதே வரிசையில் மீண்டிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் வெளிச்சுவர்ச் செல்களின் மின்துடிப்பு உட்சுவர்ச் செல்களுடையதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கடைசியில் புரண்டவை முதலில் மீள்கின்றன. மின்மாற்றமும் எதிர், திசையும் எதிர் என்பதால் இரண்டும் சேர்ந்து டி அலையை க்யூஆர்எஸ் பக்கமே நிமிர்த்திவிடுகின்றன. மீள்வது புர்கின்ஜி இழைகளின் வேகத்தில் பரவும் நிகழ்வல்ல, ஒவ்வொரு செல்லும் தன் நேரத்தில் மீள்கிறது. அதனால் டி அலை கூர்மையின்றி அகன்றிருக்கிறது.

க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவுவரை அளந்தால் க்யூடி இடைவெளி. நம் படத்தில் ஒன்பதரைக் கட்டம், 0.38 விநாடி. கீழறைகள் புரண்டு மீள ஆகும் மொத்தக் காலம் இது. துடிப்பு வேகமானால் இது தானே குறையும். ஆகவே வெவ்வேறு வேகங்களில் எடுத்த பதிவுகளை ஒப்பிட ஒரு திருத்தம் தேவை. 1920இல் பாஸெட் தந்த வாய்பாடு இன்றும் கருவிகளில் அச்சாகிறது: QTc = QT / √RR. நம் கணக்கில் 0.8இன் வர்க்கமூலம் 0.894, 0.38ஐ அதால் வகுத்தால் 0.425 விநாடி.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? டி அலை தரையில் வந்து சேரும் இடம் கூர்மையான புள்ளி அல்ல. அலையின் இறங்கும் சரிவில் மிகச் செங்குத்தான இடத்தில் ஒரு நேர்கோட்டை வரைந்து, அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தை முடிவாகக் கொள்வது ஒரு வழக்கம். டி அலையைத் தொடர்ந்து யு என்னும் சிறு அலை வந்தால் முடிவைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நம் படத்தில் முடிவை அரைக்கட்டம் தள்ளி வைத்தால் க்யூடி 0.40 ஆகும், திருத்திய அளவு 0.425இலிருந்து 0.447க்குத் தாவிவிடும். ஆண்களில் 0.45 விநாடியை ஒட்டித்தான் மேல்வரம்பைப் பொதுவாக வைக்கிறார்கள். மங்கிய படத்தில் அரைக்கட்டம் என்பது கோட்டின் தடிமனைவிட அதிகம் இல்லை.

வாய்பாட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. நிமிடத்துக்கு 100 துடிப்பில் க்யூடி 0.36 என்று வையுங்கள். பாஸெட் வாய்பாடு 0.465 தரும். அதே 1920இல் ஃப்ரிடரீசியா தந்த கனமூல வாய்பாட்டில் 0.427தான் வரும். வேகத் துடிப்பில் பாஸெட் மிகைத் திருத்தம் செய்கிறது என்பது நன்கு அறியப்பட்டது. ஒரே இதயம், ஒரே தாள், இரண்டு எண்கள். அதனால்தான் படத்திலிருந்து க்யூடி அளந்து பயப்படுவதும் நிம்மதி அடைவதும் இரண்டுமே தவறு என்று நான் கருதுகிறேன்.

இனி படத்தைப் பற்றி. பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கும் படத்தில் ஸ்கேலை வைத்து அளப்பதில் பொருளில்லை. கட்டங்களை எண்ணுவதே வழி. படம் இழுபட்டாலும் சுருங்கினாலும் கட்டமும் கோட்டோடு சேர்ந்தே இழுபடும். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு சிக்கல் வரும். அருகில் உள்ள இடது ஓரத்தில் பெரிய கட்டம் திரையில் 6 மில்லிமீட்டர், தொலைவில் உள்ள வலது ஓரத்தில் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத் துடிப்புகளின் இடைவெளியை ஒரு காகிதத் துண்டில் குறித்து வலப்பக்கம் கொண்டுபோனால், 24 மில்லிமீட்டராக இருந்தது 20 ஆகக் குறைந்துவிடும்; துடிப்பு வேகமெடுப்பதுபோல் தோன்றும். அந்தந்த இடைவெளியின் அடியிலுள்ள கட்டங்களையே எண்ணினால் இரண்டிலும் நான்குதான். மடிந்து வளைந்த தாளுக்கும் இதே விதிதான்.

இதைவிடப் பெரிய இழப்பு, ஆவணங்களைப் படமெடுக்கும் செயலிகள் தாளை வெளுத்துக் கறுப்பு எழுத்தை மட்டும் காட்டும்போது நேர்கிறது. எழுத்து தெளிவாகிறது, இளஞ்சிவப்புக் கட்டங்கள் காணாமல்போகின்றன. மெல்லிய பி அலையும் சேர்ந்து அழியக்கூடும். பலமுறை அனுப்பப்பட்டு நெருக்கப்பட்ட படத்தில், ஒரு கட்ட எஸ்டி மாற்றத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

படம் எடுப்பதற்கு முன்பே தாளில் புகுந்துவிட்ட கலப்புகளும் உண்டு. மூச்சோடு அடிக்கோடு மெதுவாக ஏறி இறங்கும். குளிரிலோ பயத்திலோ உடல் நடுங்கினால் தசையின் மின்சாரம் ஒழுங்கற்ற பிசிறாகப் பதியும். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு சீரான நுண்பற்களாகத் தெரியும்; ஒரு பெரிய கட்டத்துக்குள் பத்துப் பற்கள் இருந்தால் அது மின்சார வாரியத்திலிருந்து வந்தது, இதயத்திலிருந்து அல்ல. பெரும் கலவரம்போல் தெரியும் பகுதியிலும், எதிர்பார்த்த இருபது கட்ட இடைவெளியில் கூரிய க்யூஆர்எஸ் முனைகள் தொடர்ந்து தலைகாட்டினால், அந்தக் கலவரம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததே.

மின்முனைகள் இடம் மாறினால் ஒற்றை வரிப் படத்தில் கண்டுபிடிப்பது அரிது. வலது கை, இடது கை முனைகள் மாறிவிட்டால் முதலாம் லீடு முழுவதும் தலைகீழாகிவிடும். இரண்டாம் லீடு என்று அச்சான வரியில் உண்மையில் ஓடுவது மூன்றாம் லீடு. முழுத்தாள் இருந்தால்தான் இது பிடிபடும். ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பும்போது அந்தச் சரிபார்ப்பும் வெட்டுப்பட்டுப்போகிறது. கருவி தாளின் தலையில் அச்சிடும் அளவுகளும் நாம் ஒரு வரியில் எண்ணும் அளவுகளும் சற்று வேறுபடுவதற்கும் காரணம் இதில் இருக்கிறது. பல கருவிகள் எல்லா லீடுகளையும் சேர்த்து, முதலில் தொடங்கும் இடத்திலிருந்து கடைசியில் முடியும் இடம்வரை அளக்கின்றன.

எல்லாம் சரியாக அமைந்த, நேராக எடுத்த படத்திலும் ஓர் எல்லை நிற்கிறது. தாள் பதிவது மின்சாரத்தை. இரத்தம் எவ்வளவு வெளியேறியது என்பதை அல்ல. கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி இல்லாத நிலை ஏற்படுவதை அவசரப் பிரிவு மருத்துவர்கள் அறிவார்கள். அதேபோல் எஸ்டி பகுதி உயர்ந்திருப்பது மாரடைப்பிலும் வரும், இதய உறை அழற்சியிலும் வரும், ஆரோக்கியமான இளைஞர்கள் சிலரிடமும் இயல்பாகவே இருக்கும். வடிவம் ஒன்று, காரணம் பல. அவற்றைப் பிரிப்பது வலி எப்படி, எப்போதிருந்து, பழைய இசிஜி எப்படி இருந்தது, சற்று நேரம் கழித்து எடுத்தது எப்படி மாறியது, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்ற கேள்விகள். அந்தப் பத்து விநாடித் தாளில் இவற்றுக்கு இடமில்லை.

எனவே படம் அனுப்பத்தான் வேண்டுமென்றால், தாளைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, நான்கு மூலைகளும் தெரிய, வண்ணத்திலேயே எடுங்கள். அளவுகுறி மேடும், விளிம்பிலுள்ள வேக எழுத்தும், லீடுகளின் பெயர்களும், பதிவான நேரமும் படத்துக்குள் இருக்கட்டும். வெப்பத்தாளில் அச்சான பதிவு நாளடைவில் மங்கும் என்பதால் நல்ல படம் ஒன்றைச் சேமித்து வைப்பது அடுத்த முறை ஒப்பிடவும் உதவும். நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ இருந்தால் படத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.